செய்முறையும் பெறுபேறும்: எல்லா வினையும் "-ப்பட்டது" என்று முடிய வேண்டுமா? எப்படிச் சரிபார்ப்பது?

கல்லடி துஷி

எல்லோருக்கும் வணக்கம். ஆசிரிய பயிற்சியில் இருக்கிறேன், விஞ்ஞானம். மட்டக்களப்பு வாவியில் மூன்று இடங்களில் நீரில் கரைந்த ஒட்சிசனை வின்க்ளர் முறையில் அளந்து தமிழில் அறிக்கை எழுதியிருக்கிறேன். விரிவுரையாளர் திருப்பித் தந்துவிட்டார். செய்முறைப் பகுதியின் ஓரத்தில் "காலம்?" என்றும், பெறுபேறுகளின் ஓரத்தில் "யார் செய்தது?" என்றும் மட்டும் எழுதியிருக்கிறார். வேறு விளக்கம் இல்லை. கேட்கப் போனால் "நீங்களே கண்டுபிடியுங்கள்" என்கிறார்.

பெறுபேறுகளின் எண்களை எடுத்துவிட்டு ஒரு பகுதியை இங்கே போடுகிறேன்.

செய்முறை: "வாவியின் மூன்று இடங்களிலிருந்து நீர் மாதிரிகளை சேகரிக்கப்பட்டது. ஒவ்வொரு போத்தலிலும் மங்கனீசு சல்பேற்றுக் கரைசல் 1 மில்லிலீற்றர் சேர்க்கப்படும். பின்னர் கார அயடைட்டுக் கரைசல் 1 மில்லிலீற்றர் சேர்க்கப்பட்டுள்ளது. வீழ்படிவு அடியில் படியவைக்கப்பட்டது. சல்பூரிக் அமிலம் சேர்க்கும்போது வீழ்படிவு கரைகின்றது. 200 மில்லிலீற்றர் மாதிரியை சோடியம் தயோசல்பேற்றினால் நியமிக்கப்பட்டது."

பெறுபேறுகள்: "அதிகாலையில் ஒட்சிசன் செறிவு குறைக்கப்பட்டது. நண்பகலில் அதிகரிக்கப்பட்டது. வலையிறவில் ஒட்சிசன் குறைவாகக் காணப்படுகின்றது. பெறுபேறுகள் அட்டவணை 2 இல் காட்டப்பட்டது."

எல்லாவற்றையும் இறந்தகாலச் செயப்பாட்டு வினையாக மாற்றினால் போதுமா? முழு அறிக்கையும் நாற்பது பக்கத்துக்குக் கிட்ட வரும். ஒவ்வொரு வினையையும் கண்ணால் பார்க்காமல் சரிபார்க்க வழி உண்டா?

களுவாஞ்சிகுடி ரவி

தங்கச்சி, இது சின்ன விசயம். விஞ்ஞான அறிக்கையில் "நான்", "நாங்கள்" வரக் கூடாது. ஆகவே எல்லா வினையும் செயப்பாட்டு வினை. பரிசோதனை முடிந்துவிட்டது, ஆகவே எல்லாம் இறந்தகாலம். "சேர்க்கப்படும்" என்பதை "சேர்க்கப்பட்டது" ஆக்குங்கள். "கரைகின்றது" என்பதை "கரைக்கப்பட்டது" ஆக்குங்கள். "காணப்படுகின்றது" என்பதைக் "காணப்பட்டது" ஆக்குங்கள். கணினியில் ஒரே தடவையில் மாற்றலாம், அரை மணித்தியால வேலை. நான் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

மருதமுனை மாஸ்டர்

ரவி தம்பி சொன்னதில் செய்முறைக்கு முக்கால்வாசி சரி. பெறுபேறுகளுக்கு அது பொருந்தாது. துஷியின் விரிவுரையாளர் "யார் செய்தது?" என்று கேட்டது அதனால்தான்.

"அதிகாலையில் ஒட்சிசன் செறிவு குறைக்கப்பட்டது" என்ற வசனத்தை இரசாயனம் படித்த ஒருவர் வாசித்தால் என்ன விளங்கும்? யாரோ ஒருவர் அந்த நீரிலிருந்து ஒட்சிசனை அகற்றினார் என்று விளங்கும். நைதரசனைக் குமிழிகளாகச் செலுத்தியோ நீரைக் கொதிக்கவைத்தோ ஒட்சிசனைக் குறைக்கலாம், அப்படிச் செய்த பரிசோதனைகளும் உண்டு. நீங்கள் அப்படி எதுவும் செய்யவில்லை. இரவு முழுக்க வாவியில் உள்ள உயிர்கள் சுவாசித்தன, ஒளித்தொகுப்பு நடக்கவில்லை, அதனால் ஒட்சிசன் குறைந்தது. அதாவது அது தானாகக் குறைந்தது. தமிழில் இதற்குத் தன்வினை இருக்கிறது. குறைந்தது, மாறியது, உயர்ந்தது, கரைந்தது, உருகியது என்று எழுதுவோம். நாம் கைவைத்துச் செய்ததற்குக் குறைத்தோம், மாற்றினோம், உயர்த்தினோம். அதைச் செயப்பாட்டு வினையாக்கினால் குறைக்கப்பட்டது, மாற்றப்பட்டது, உயர்த்தப்பட்டது.

எனவே "-ப்பட்டது" என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் பின்னால் ஓர் ஆள் நிற்கிறார். பெயர் சொல்லாமல் விட்டிருக்கிறோம், அவ்வளவுதான். வினைக்கு முன்னால் "எங்களால்" என்ற சொல்லைப் போட்டு வாசித்துப் பாருங்கள். "எங்களால் மாப்பொருட் கரைசல் சேர்க்கப்பட்டது" உண்மை, விடுங்கள். "எங்களால் ஒட்சிசன் செறிவு குறைக்கப்பட்டது" பொய், மாற்றுங்கள். "எங்களால் நண்பகலில் அதிகரிக்கப்பட்டது" என்பதும் பொய், அதிகரித்தது என்று எழுதுங்கள்.

ரவி தம்பி "கரைகின்றது" என்பதைக் "கரைக்கப்பட்டது" ஆக்கச் சொன்னார். இது வேறுமாதிரி. "சல்பூரிக் அமிலம் சேர்த்து வீழ்படிவு கரைக்கப்பட்டது" என்றால் நீங்கள் வேண்டுமென்றே கரைத்தீர்கள், அது செய்முறையின் ஒரு படி, சரி. "அமிலம் சேர்த்ததும் வீழ்படிவு கரைந்து மஞ்சள் நிறக் கரைசல் தோன்றியது" என்றால் நீங்கள் கண்டதைச் சொல்கிறீர்கள், அதுவும் சரி. இரண்டில் எதைச் சொல்ல வருகிறீர்கள் என்று முடிவெடுக்க வேண்டும். "படியவைக்கப்பட்டது" என்பதும் அப்படித்தான். நீங்கள் போத்தலை அசையாமல் வைத்துக் காத்திருந்தீர்கள். அதற்குப் "படிய விடப்பட்டது" என்பதே பொருத்தம். படிந்தது தானாகத்தான்.

ஒலுவில் பர்ஹா

சேர், நான் பல்கலைக்கழகத்தில் இங்கிலிஷ் மீடியம். இந்தப் பேச்சே பழைய காலத்துப் பேச்சு என்று நினைக்கிறேன். நேச்சர் சஞ்சிகைகள் எழுத்தாளர்களைச் செய்வினையில் எழுதச் சொல்கின்றன, "நாங்கள் அளந்தோம்" என்ற மாதிரி. ஏ.பி.ஏ. 7ஆம் பதிப்பும் செய்வினையைத்தான் முதலில் பரிந்துரைக்கிறது. 1953இல் வட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ. கட்டமைப்பைப் பற்றி எழுதிய கட்டுரை "வி" என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. ஆகவே துஷி அக்கா செயப்பாட்டு வினையையே தூக்கிவிடலாமே? எனக்கும் இதே பிரச்சினை. என்னுடைய அறிக்கையில் "வொஸ்", "வேர்" எங்கே வரும் என்பதில் குழப்பம்.

மருதமுனை மாஸ்டர்

பர்ஹா, நீங்கள் சொன்ன தகவல்கள் சரி. துஷி தமிழில், தன் நிறுவனத்துக்கு எழுதுகிறார். சஞ்சிகைக்கு எழுதுபவர் சஞ்சிகையைப் பார்ப்பார். துஷி பார்க்க வேண்டியது தன் துறையில் போன வருடங்களில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அறிக்கைகளை. நூலகத்தில் இரண்டை எடுத்து, செய்முறையிலும் பெறுபேறுகளிலும் ஒவ்வொரு பக்கத்துக்கு வினைகளின் கீழே பென்சிலால் கோடு போட்டால் அங்குள்ள வழக்கம் தெரிந்துவிடும். (நூலகப் பிரதியில் வேண்டாம், போட்டோப் பிரதி எடுத்துப் போடுங்கள்.) "நாங்கள்" அங்கே வருகிறதா இல்லையா என்பதைக் கண்ணால் காணலாம், யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

நான் சொன்ன கேள்வி உங்கள் இங்கிலிஷ் அறிக்கைக்கும் பொருந்தும். ஒட்சிசன் "டிக்ரீஸ்ட்" என்று எழுதினால் தானாகக் குறைந்தது. "வொஸ் டிக்ரீஸ்ட்" என்றால் குறைத்த ஒருவரை வாசகர் தேடுவார். செய்வினையோ செயப்பாட்டு வினையோ, நடந்ததையும் செய்ததையும் பிரிக்கும் வேலை இரண்டிலும் இருக்கிறது.

ஒலுவில் பர்ஹா

அதுதான் என் சுப்பவைசர் "வொஸ் இன்கிரீஸ்ட்" என்பதை வெட்டி "வொஸ்" ஐ மட்டும் எடுத்திருக்கிறார் போல. இலக்கணப் பிழை என்று நினைத்திருந்தேன்.

அம்பாறை வயல்காரன்

விவசாயப் பக்கத்தில் இருந்து வருகிறேன். ரவி அண்ணன் "ஒரே தடவையில் மாற்றலாம்" என்று சொன்னதைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பக்கம் நெல் பரிசோதனை ஒன்றுக்கு முதலில் திட்ட முன்மொழிவு எழுதுவோம். அதில் எல்லாம் வருங்காலம். "யூரியா மூன்று தடவைகள் இடப்படும்", "பயிர் உயரம் வாரம் ஒரு தடவை அளவிடப்படும்." பரிசோதனை முடிந்ததும் அதே கோப்பைத் திறந்து அறிக்கையாக மாற்றுவார்கள். ஒரு பெரும்போகத்தில் மழை பிடித்து வயல் மூழ்கியது. மூன்றாவது யூரியா இடவே இல்லை, சில வாரங்கள் உயரமும் அளக்க முடியவில்லை. அறிக்கையை எழுதியவர் கோப்பு முழுக்க "-ப்படும்" என்பதை "-ப்பட்டது" ஆக்கிவிட்டார். அறிக்கையில் "யூரியா மூன்று தடவைகள் இடப்பட்டது" என்று வந்துவிட்டது. இலக்கணம் சுத்தமாக இருந்தது, தகவல் தவறு. களப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்த ஒருவர் வாசித்தபடியால் பிடிபட்டது, இல்லாவிட்டால் விளைச்சல் குறைந்ததற்கு வேறு காரணம் தேடியிருப்போம்.

அதனால் என் கருத்து இது. வருங்காலத்தை இறந்தகாலமாக மாற்றும் ஒவ்வொரு இடத்திலும் களப் புத்தகத்தை, உங்களுக்கு என்றால் ஆய்வுகூடக் கொப்பியைப் பார்த்து, அந்த வேலை உண்மையில் நடந்ததா என்று உறுதிசெய்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். "சேர்க்கப்படும்" என்று துஷி எழுதியது பரிசோதனைத் தாளில் இருந்து அப்படியே வந்தது என்று நினைக்கிறேன்.

கல்லடி துஷி

ஆம் அண்ணன், தாளில் இருந்துதான் வந்தது. கொப்பியைப் பார்த்தேன். அந்தப் படி எல்லாப் போத்தலிலும் செய்திருக்கிறோம், அளவும் அதேதான். ஆனால் தாளில் "மாதிரி பனிக்கட்டியில் வைக்கப்படும்" என்று இருக்கிறது. வலையிறவு மாதிரிகளை நாங்கள் பனிக்கட்டியில் வைக்கவில்லை, இடத்திலேயே கரைசல்களைச் சேர்த்துவிட்டோம். அறிக்கையில் பனிக்கட்டி வசனம் எல்லா இடத்துக்கும் பொதுவாக இருக்கிறது. அதை மாற்றுகிறேன்.

ஏறாவூர் றிஸ்வி

சலாம், வணக்கம் எல்லோருக்கும். கடையில் அறிக்கை ரைப் செய்து கொடுப்பது என் தொழில். தேடும் வழியைச் சொல்கிறேன்.

தமிழில் செயப்பாட்டு வினைகள் பெரும்பாலும் "-அப்படு" என்று வருவதால் தேடுவது லேசு. வேர்டில் `Ctrl+F` கொடுத்து இவற்றை ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

```
ப்பட்ட
ப்பட்டுள்ள
ப்படும்
ப்படுகி
ப் பட்ட
```

கடைசியில் உள்ளது இடைவெளி விட்டு "சேர்க்கப் பட்டது" என்று ரைப் செய்தவர்களுக்காக. அதை மறந்தால் பாதி வினை தப்பிவிடும். "ஏற்பட்டது", "வேறுபட்டது" மாதிரியானவை செயப்பாட்டு வினை இல்லை, அவை இந்தத் தேடலில் மாட்டாது. "வெளிப்பட்டது", "புலப்பட்டது" மாட்டும், அவற்றைத் தாண்டிப் போங்கள்.

தேடுங்கள், ஆனால் ஒரேயடியாக மாற்றாதீர்கள். "-ப்படும்" என்பதை மொத்தமாக "-ப்பட்டது" ஆக்கினால் "வின்க்ளர் முறை எனப்படும்" என்பது "எனப்பட்டது" ஆகும், "சேர்க்கப்படும்போது" என்பது "சேர்க்கப்பட்டதுபோது" ஆகும். இப்படி வந்த அறிக்கைகளைக் கடையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. கோப்பு பாமினி எழுத்துருவில் இருந்தால் மேலே சொன்ன தேடல் எதையும் காட்டாது, "ஒன்றும் இல்லை" என்று சொல்லும். பிழை இல்லை என்று நினைத்து ஏமாந்துவிடுவீர்கள். பாமினியில் திரையில் தமிழ் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். அதில் இப்படித் தேட வேண்டும்:

```
g;gl;lJ     (ப்பட்டது)
g;gLk;      (ப்படும்)
```

`Match case` ஐக் கட்டாயம் தெரிவுசெய்யுங்கள். பாமினியில் சிறிய l என்பது "ட", பெரிய L என்பது "டு". அதை விட்டால் "படம்", "படும்" இரண்டும் ஒன்றாக வரும். ஒருங்குறிக்கு மாற்றிவிட்டுத் தேடுவது இன்னும் நல்லது.

கல்லடி துஷி

றிஸ்வி நானா, நன்றி. என்னுடையது ஒருங்குறிதான். இன்னொரு பிழையை எப்படித் தேடுவது என்று தெரியவில்லை. "மாதிரிகளை சேகரிக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறேன். அது பிழை என்று இப்போது வாசிக்கும்போது காதில் படுகிறது.

ஏறாவூர் றிஸ்வி

கோப்பை UTF-8 வெறும் உரையாகச் சேமித்தால், லினக்ஸ் உள்ள கணினியில் இந்த ஒரு வரி போதும்.

```
grep -nE 'களை(க்|ச்|த்|ப்)? [^.]*ப்பட்ட' arikkai.txt
```

"-களை" என்று ஒரு சொல் முடிந்து, முற்றுப்புள்ளி வருவதற்கு முன் அதே வரியில் "-ப்பட்ட" வந்தால் வரி எண்ணோடு காட்டும். பன்மையை மட்டும்தான் பிடிக்கும். "மாதிரியை நியமிக்கப்பட்டது" என்பது தப்பிவிடும். வெறும் "ை" என்று தேடினால் வெப்பநிலை, அட்டவணை, முறை எல்லாம் வந்து குவியும், பிறகு பயனில்லை. ஒருமையைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

வாணி ரீச்சர்

நான் தமிழ் படிப்பிக்கிறேன், விஞ்ஞானம் தெரியாது. வேற்றுமையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

"மாதிரிகளைச் சேகரித்தோம்" என்றால் மாதிரிகள் செயப்படுபொருள், ஐ உருபு வேண்டும். செயப்பாட்டு வினையாக்கினால் மாதிரிகள் எழுவாய் இடத்துக்கு வந்துவிடுகிறது, ஐ போய்விட வேண்டும். "மாதிரிகள் சேகரிக்கப்பட்டன." எழுவாய் பன்மையாதலால் வினைமுற்று "-ன". துஷியின் வசனத்தில் இரண்டும் பிழைத்திருக்கின்றன. பேச்சில் "சேகரிச்சோம்" என்று யோசித்து, எழுதும்போது வினையை மட்டும் மாற்றுவதால் இந்தப் பிழை வருகிறது. பெயரை மாற்ற மறந்துவிடுகிறோம்.

என் பிரச்சினை வேறு. றிஸ்வியின் வரி "மாதிரிகளை வடிகட்டி அளவிடப்பட்டன" என்பதைப் பிழையாகக் காட்டுமா? என்னைப் பொறுத்தவரை அது பிழைதான். "வடிகட்டி" என்பது வினையெச்சம். அதன் எழுவாயும் "அளவிடப்பட்டன" என்பதன் எழுவாயும் ஒன்றாக இருக்க வேண்டும். வடிகட்டியது மாணவர், அளவிடப்பட்டது மாதிரி. "மாதிரிகள் வடிகட்டப்பட்டு அளவிடப்பட்டன" என்றே எழுத வேண்டும்.

மருதமுனை மாஸ்டர்

ரீச்சர், ஐ உருபைப் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். வினையெச்சத்தைப் பற்றிச் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. வின்க்ளர் செய்முறையை உங்கள் விதிப்படி எழுதினால் "எடுக்கப்பட்டு, மூடப்பட்டு, குலுக்கப்பட்டு, வைக்கப்பட்டு, நியமிக்கப்பட்டது" என்று ஒரே வசனத்தில் ஐந்து "-ப்பட்டு" வரும், வாசிக்க முடியாது. தமிழ்ப் பாடநூல்களிலும் "எடுத்து அளவிடப்பட்டது" என்ற வடிவம் ஏராளம். யார் செய்தது என்பதில் குழப்பம் இல்லாதபோது அதை ஏன் விலக்க வேண்டும்?

வாணி ரீச்சர்

ஏராளமாக வருவதால் சரியாகிவிடாது, சேர். ஐந்து "-ப்பட்டு" வந்தால் வசனத்தை இரண்டாக வெட்டலாம். அல்லது "நாங்கள்" என்று தொடங்கிச் செய்வினையில் எழுதலாம், பர்ஹா சொன்னதுபோல. "நாங்கள் மாதிரிகளை வடிகட்டி அளந்தோம்." இதில் எந்தக் குறையும் இல்லை.

களுவாஞ்சிகுடி ரவி

"நாங்கள்" எழுதினால் புள்ளி வெட்டுவார்கள் ரீச்சர். அது நடைமுறை. மாஸ்டர் சொன்ன "குறைந்தது" விசயத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன், இனி அப்படியே சொல்லிக் கொடுப்பேன். ஆனால் "ஒட்சிசன் குறைந்தமை அவதானிக்கப்பட்டது" என்று எழுதலாம்தானே? அதில் "எங்களால்" போட்டாலும் உண்மையாக இருக்கிறது. அவதானித்தது நாங்கள்தான்.

மருதமுனை மாஸ்டர்

எழுதலாம் தம்பி, பிழை இல்லை. ஆனால் பெறுபேறுகளில் உள்ள எல்லாமே அவதானித்தவைதான். ஒவ்வொரு வசனத்திலும் அதைத் திரும்பச் சொன்னால் வசனத்தின் முக்கியமான வினை "-மை" என்று பெயராக ஒடுங்கிவிடுகிறது. நிறமாற்றம் மாதிரி, கண்ணால் கண்டதைச் சொல்ல வேண்டிய இடத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இனிக் காலம். இப்படியான அறிக்கையில் மூன்று வகை வசனம் வரும்.

"அதிகாலையில் குறைந்தது" என்பது அன்று அந்தப் போத்தல்களில் கண்டது. இறந்தகாலம். இதை "குறைகின்றது" என்று எழுதினால் வாவியில் எந்த நாளும் அப்படி நடக்கிறது என்று உரிமை கோருகிறீர்கள். சில நாள் மாதிரி எடுத்துவிட்டு அப்படிச் சொல்ல முடியாது. "வலையிறவில் ஒட்சிசன் குறைவாகக் காணப்படுகின்றது" என்ற வசனத்தில் உள்ள குறை இதுதான். முகத்துவாரம் திறந்திருக்கும் காலமும் மூடியிருக்கும் காலமும் வாவிக்கு ஒன்றல்ல, மழைக்காலமும் வேறு. "குறைவாக இருந்தது" என்று எழுதி, எந்த மாதம் என்றும் சொல்லிவிடுங்கள். "காணப்படுகின்றது" என்ற சொல்லை நம் பகுதியில் "இருக்கிறது" என்பதற்குப் பதிலாக எங்கும் போடுகிறோம். தேடலில் அது நிறைய மாட்டும். அநேகமான இடங்களில் "இருந்தது" போதும்.

"வெப்பநிலை உயர நீரில் கரையக்கூடிய ஒட்சிசனின் அளவு குறையும்" என்பது நீங்கள் பரிசோதனை செய்யாவிட்டாலும் உண்மை. அதற்கு "-உம்" சரி. அது வர வேண்டிய இடம் பெரும்பாலும் கலந்துரையாடல், பெறுபேறுகள் இல்லை.

மூன்றாவது, அறிக்கையைப் பற்றியே பேசும் வசனம். "பெறுபேறுகள் அட்டவணை 2 இல் காட்டப்பட்டது" என்றால் ஒரு நாள் காட்டினோம், முடிந்துவிட்டது என்று ஆகிறது. வாசகர் தாளைத் திருப்பினால் அட்டவணை இப்போதும் அங்கே இருக்கிறது. எனவே "காட்டப்பட்டுள்ளன". அந்த "-உள்ள" அட்டவணைக்குப் பொருந்தும், கரைசலுக்குப் பொருந்தாது. "அயடைட்டுக் கரைசல் சேர்க்கப்பட்டுள்ளது" என்றால் இன்னும் அந்த நிலையிலேயே போத்தல் மேசையில் நிற்கிறது என்று படும். செய்முறையில் படிப்படியாகப் போகும்போது "சேர்க்கப்பட்டது" என்று முடித்துவிட்டு அடுத்த படிக்குப் போக வேண்டும்.

எனவே "எங்களால்" என்பதோடு இன்னும் இரண்டு சொற்களைப் போட்டுப் பாருங்கள். "அன்று" பொருந்தினால் இறந்தகாலம். "இந்தத் தாளில் இப்போது" பொருந்தினால் "-உள்ளது". எதுவும் பொருந்தாமல் எப்போதும் உண்மையாக இருந்தால் "-உம்".

அம்பாறை வயல்காரன்

"எங்களால்" பற்றி ஒரு சந்தேகம் மாஸ்டர். சில நேரம் யார் செய்தது என்பது முக்கியம். இலையின் நிறத்தை நிற அட்டையோடு ஒப்பிட்டுப் புள்ளி போடும்போது ஒருவர் பார்ப்பதும் மற்றவர் பார்ப்பதும் வேறு. அங்கே "மதிப்பிடப்பட்டது" என்று விட்டால் வாசகருக்குத் தெரிய வேண்டியது மறைந்துவிடுகிறது.

மருதமுனை மாஸ்டர்

சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். துஷியின் நியமிப்பிலும் அது இருக்கிறது. மாப்பொருளின் நீல நிறம் மறையும் கணத்தைக் கண்ணால்தான் தீர்மானிக்கிறோம். 0.025 மோல் செறிவுள்ள தயோசல்பேற்றும் 200 மில்லிலீற்றர் மாதிரியும் என்றால், அளவியில் இறங்கும் ஒவ்வொரு மில்லிலீற்றரும் லீற்றருக்கு 1 மில்லிகிராம் ஒட்சிசன். ஒருவர் அரை மில்லிலீற்றர் தாண்டி நிறுத்தினால் விடை அவ்வளவு மாறும். இருவர் நியமித்திருந்தால் "எல்லா நியமிப்புகளையும் ஒருவரே செய்தார்" என்றோ "இருவர் தனித்தனியே செய்தனர்" என்றோ செய்வினையில் எழுத வேண்டும். அங்கே செயப்பாட்டு வினை வேண்டாம்.

கல்லடி துஷி

இருவர் செய்தோம். எழுதிவிடுகிறேன். திருத்தியதைப் போடுகிறேன், பாருங்கள்.

செய்முறை: "வாவியின் மூன்று இடங்களிலிருந்து நீர் மாதிரிகள் சேகரிக்கப்பட்டன. ஒவ்வொரு போத்தலிலும் மங்கனீசு சல்பேற்றுக் கரைசல் 1 மில்லிலீற்றரும், பின்னர் கார அயடைட்டுக் கரைசல் 1 மில்லிலீற்றரும் சேர்க்கப்பட்டன. போத்தல் மூடப்பட்டுக் குலுக்கப்பட்டது. வீழ்படிவு அடியில் படிய விடப்பட்டது. சல்பூரிக் அமிலம் சேர்த்ததும் வீழ்படிவு கரைந்தது. 200 மில்லிலீற்றர் மாதிரி சோடியம் தயோசல்பேற்றினால் நியமிக்கப்பட்டது. கரைசல் வெளிர் மஞ்சளானதும் மாப்பொருட் கரைசல் சேர்க்கப்பட்டு, நீல நிறம் மறையும்வரை நியமிப்புத் தொடரப்பட்டது. நியமிப்புகளை இருவர் தனித்தனியே செய்தனர். காற்றுக் குமிழி காரணமாகச் சில போத்தல்கள் விடுபட்டன."

பெறுபேறுகள்: "பெறுபேறுகள் அட்டவணை 2 இல் காட்டப்பட்டுள்ளன. மூன்று இடங்களிலும் ஒட்சிசன் செறிவு அதிகாலையில் குறைவாக இருந்தது. நண்பகலில் அதிகரித்தது. வலையிறவில் மற்ற இரு இடங்களிலும் பார்க்கக் குறைவாக இருந்தது."

வாணி ரீச்சருக்காக "மூடப்பட்டுக் குலுக்கப்பட்டது" என்றே எழுதியிருக்கிறேன்.

வாணி ரீச்சர்

நன்றி மகள். ஆனால் "அமிலம் சேர்த்ததும்" என்று ஒரு செய்வினை எச்சம் இருக்கிறது. "-ததும்" என்று வந்தால் எழுவாய் மாறலாம், அதனால் விட்டுவிடுகிறேன். "வடிகட்டி அளவிடப்பட்டன" பற்றி என் கருத்து மாறவில்லை.

மருதமுனை மாஸ்டர்

என் கருத்தும் மாறவில்லை ரீச்சர். துஷி உங்கள் பக்கம் எழுதினால் ஒருவரும் குறை சொல்லமாட்டார், அது பாதுகாப்பு.

துஷி, ஒரு வசனத்தைத் திரும்பப் பாருங்கள். "சில போத்தல்கள் விடுபட்டன." இதுவரைக்கும் நாம் செய்யாததற்குச் செயப்பாட்டு வினை போட்டதைத் திருத்தினோம். இங்கே தலைகீழ். விடுபட்டன என்றால் அவை தானாகத் தவறிப்போயின. உண்மையில் குமிழி இருப்பதைக் கண்டு, அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று தீர்மானித்தது நீங்கள். குமிழியில் உள்ள காற்றின் ஒட்சிசனும் நீரில் கரைந்து விடையைக் கூட்டிவிடும், எனவே தீர்மானம் சரி. ஆனால் தீர்மானம் உங்களுடையது என்பது வினையில் தெரிய வேண்டும். நியமிப்புக்கு முன்பே விலக்கினீர்களா, விடையைப் பார்த்த பிறகா என்பதும் தெரிய வேண்டும். றிஸ்வியின் தேடலில் இந்த வினை மாட்டாது, "-ப்பட்ட" இல்லை. செய்முறையிலும் பெறுபேறுகளிலும் உள்ள தன்வினைகளைத் தனியாக ஒரு தடவை வாசித்து, "இது உண்மையில் தானாகவா நடந்தது?" என்று கேட்க வேண்டும்.

கல்லடி துஷி

நியமிப்புக்கு முன்புதான் சேர். கொப்பியில் போத்தல் இலக்கமும் குறித்திருக்கிறேன். இப்படி மாற்றுகிறேன்: "காற்றுக் குமிழி காணப்பட்ட போத்தல்கள் நியமிப்புக்கு முன்னரே விலக்கப்பட்டன, அவற்றின் இலக்கங்கள் அட்டவணை 1 இல் தரப்பட்டுள்ளன." இதில் "காணப்பட்ட" இருக்கட்டுமா? கண்டது நாங்கள்தான்.

மருதமுனை மாஸ்டர்

இருக்கட்டும். அங்கே அது உண்மையான செயப்பாட்டு வினை.